பெட்டிக்கு வெளியே ஆறாவது வரிசை

அரைவரி இறந்தபோது அவருடைய அலுவலக மேசை இழுப்பறையில் மூன்று ஸ்கேல்கள் இருந்தன. கணினித் திரையில் ஸ்கேல் வைத்து அளக்கிற மனிதர்கள் உலகத்தில் எத்தனை பேர் என்று யாரும் கணக்கெடுத்ததில்லை. அந்த அலுவலகத்தில் ஒருவர். பெரிதாக்கிப் பார்த்தால் அளவு மாறிவிடுமே என்று அவரிடம் கேட்காத ஆள் கிடையாது. "மாறட்டும். பெட்டியில எத்தனை பங்கு தமிழ், எத்தனை பங்கு காலின்னுதான் நான் பாக்கறேன். பங்கு மாறாது," என்பார். கேட்டவர் போய்விடுவார். பங்கைப் பற்றி மேற்கொண்டு தெரிந்துகொள்ள யாரும் விரும்பியதில்லை.

அவர் வேலை, நிறுவனங்களின் ஸ்லைடுகளைத் தமிழாக்குவது. ஒரு நிறுவனம் தன் ஆட்களை ஓர் அறையில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, சுவரில் ஒன்றன்பின் ஒன்றாகப் படம் காட்டும். எங்கோ ஒரு தலைமை அலுவலகத்தில், தமிழை ஒருமுறைகூடக் காதால் கேட்டிராத ஒருவர், ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பெட்டிகள் அவை. நீலப் பெட்டி, ஆரஞ்சுப் பெட்டி, அம்புக்குறி வடிவப் பெட்டி. உள்ளே ஆங்கிலம் கால்நீட்டிப் படுத்திருக்கும். அதை எழுப்பிவிட்டுத் தமிழை உள்ளே அனுப்ப வேண்டும். தமிழ் ஆங்கிலத்தைவிட மூன்றில் ஒரு பங்கு நீளம் கூடுதல். உயரமும் கூடுதல். மேலே கொக்கி, கீழே வால். பெட்டியைத் தொடக் கூடாது. அர்த்தம் குறையக் கூடாது. எழுத்தும் சிறுக்கக் கூடாது. இந்த மூன்றையும் ஒரே மின்னஞ்சலில், ஒன்றுக்குக் கீழே ஒன்றாக, எந்தக் கூச்சமும் இல்லாமல் எழுதி அனுப்புவார்கள். கடைசியில் "நன்றி" என்று இருக்கும்.

அரைவரி என்ற பெயர் அவருக்கு எப்படி வந்தது என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் "அரை வரி கூடுது" என்று முனகுவார் என்பது ஒன்று. அடுத்ததுதான் சரி. எந்தப் பெட்டியையும் அவர் முழுதாக நிரப்பமாட்டார். அடியில் அரை வரி காலியாக விடுவார். நம் கணினியில் அடங்குவது வாடிக்கையாளர் கணினியில் அடங்காது. அங்கே வேறு ஃபான்ட் இருக்கும், கொஞ்சம் அகலமாக இருக்கும், வார்த்தை அடுத்த வரிக்குத் தாவும், கடைசி வரி வெளியே விழும். அந்த அரை வரி, விழப்போகிறவனுக்குப் போட்ட பாய்.

நீரேற்று நிலையத்தில் அளவுக்கருவிப் பொறியாளராக இருந்த மகளிடம் இதை ஒருமுறை விளக்கினார்.

"இதுக்கு எங்க தொழில்ல டாலரன்ஸ்னு பேருப்பா," என்றாள் அவள்.

"பேரெல்லாம் வச்சிருக்காங்களா?" என்று மகிழ்ந்துபோனார். அன்று முழுக்க மனைவியிடம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். மனைவி மருந்துக்கடையில் பில் போடுகிறவர். "எல்லாத்துலயும் இடம் விடுறீங்க. துணி அலமாரியில மட்டும் எனக்கு ஒரு தட்டு விட மனசு வரமாட்டேங்குது," என்றார். அரைவரி ஒரு தட்டைக் காலி செய்தார். முழுத் தட்டையும் அல்ல, முக்கால்வாசி.

இந்த வேலைக்கு வரும்போது அவருக்கு வயது நாற்பத்தொன்று. அதற்கு முன் காப்பீட்டு அலுவலகமொன்றில் படிவங்கள் தட்டச்சு செய்தார். பெயருக்கு இருபத்தாறு கட்டம், முகவரிக்கு மூன்று வரி. தன் பெயருக்கு இருபத்தாறு கட்டம் போதாத மனிதர்கள் எதிரே வந்து உட்காருவார்கள். அவர்கள் முகம் கட்டம் தீரத் தீர எப்படி மாறும் என்பதைப் பதினேழு வருடம் பார்த்தவர். பிறகு அந்த அலுவலகம் படிவத்தைக் கணினிக்கு மாற்றியது. கணினி அவரைத் தெருவுக்கு மாற்றியது.

மொழிபெயர்ப்பு அலுவலகம் டயர் கடைக்கு மேல் மாடியில் இருந்தது. மூன்று அறை. ஒன்றில் முதலாளியம்மா. ஒன்றில் பொறுப்பாளர், அதாவது வாடிக்கையாளரிடம் "கண்டிப்பா" என்றும் உள்ளே திரும்பி "முடியுமா?" என்றும் கேட்கிறவர். மூன்றாவதில் அரைவரியும் பிரிண்டரும். கீழே டயரைச் சுத்தியலால் அடிக்கும்போதெல்லாம் பிரிண்டர் தானாக ஒரு தாளைத் துப்பும்.

பொறுப்பாளருக்கு ஒரு மந்திரம் தெரியும். பெட்டியைத் தேர்ந்தெடுத்து, "எழுத்து தானாகச் சுருங்கட்டும்" என்று ஒரு விருப்பத்தை அமுக்கினால் போதும், எவ்வளவு தமிழானாலும் உள்ளே போய்விடும். போகும். எறும்பாகப் போகும். இருபத்துநாலு புள்ளியில் இருந்த எழுத்து ஒன்பது புள்ளியில் நிற்கும். போதாக்குறைக்கு, மொழிபெயர்ப்பு மென்பொருள் வழியாகத் தமிழை உள்ளே தள்ளினால் அந்தச் சுருக்கம் உடனே நடக்காது. யாராவது அந்தப் பெட்டிக்குள் கர்சரை வைத்து ஓர் எழுத்தாவது தட்டினால்தான் பெட்டிக்கு உறைக்கும். அதுவரை வழிந்துகொண்டு நிற்கும். வாடிக்கையாளர் எதையோ திருத்தப்போய் பெட்டியைத் தொடுவார், எழுத்து அவர் கண்முன்னால் பொசுக்கென்று சுருங்கும், "உங்க ஃபைல்ல வைரஸ் இருக்கு" என்று போன் செய்வார்.

அரைவரியின் வழி வேறு. அவர் முதலில் கேட்கிற கேள்வி: "கடைசி வரிசை நாற்காலி சுவத்துலேர்ந்து எத்தனை அடி?" இதற்கு யாரும் பதில் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் பதினெட்டுப் புள்ளிக்குக் கீழே போகமாட்டார். பிறகு வெட்டத் தொடங்குவார். தலைப்பில் உள்ள சொல்லை ஒவ்வொரு வரியிலும் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. "செய்யப்பட வேண்டும்" வேண்டாம், "செய்யுங்கள்" போதும். நீளமான கூட்டுச்சொல் குறுகிய பெட்டியில் நடுவில் எங்காவது முறிந்து, பாதி மேலேயும் பாதி கீழேயும் கிடக்கும். அதனால் அதைத் தானே இரண்டு சொல்லாகப் பிரித்துவிடுவார். ஒருமுறை பொத்தானில் "சமர்ப்பிக்கவும்" அடங்காமல் "அனுப்பு" என்று போட்டார். மரியாதை இல்லை என்று வாடிக்கையாளர் கோபித்துக்கொண்டார்.

"பொத்தானுக்கு யார் சார் மரியாதை குடுக்கறாங்க? அது தலைல குத்தத்தானே செய்யறாங்க," என்றார் அரைவரி, போனில், நேரடியாக.

அந்த வாடிக்கையாளர் திரும்ப வரவில்லை. அன்றே முதலாளியம்மா ஒரு சட்டம் போட்டார்: அரைவரி எந்த வாடிக்கையாளரிடமும் வாய் திறக்கக் கூடாது. போனை மட்டும் மேசையை விட்டு எடுத்துப்போக மறந்துவிட்டார்.

குளிர்பதனக் கிடங்கின் ஸ்லைடுகள் வந்தது அதற்கு அடுத்த வருடம். மீனும் இறைச்சியும் உறைய வைக்கிற பெரிய கிடங்கு. குளிரூட்ட அம்மோனியா. அது கசிந்தால் என்ன செய்வது என்று தொழிலாளர்களுக்குப் பயிற்சி. ஐம்பத்துநான்கு ஸ்லைடு. அதில் முப்பத்தேழாவது ஓர் அட்டவணை. தலைப்பு, கீழே ஆறு வரிசை. ஆறாவது வரிசை: தரையில் தேங்கிய திரவ அம்மோனியா மேல் தண்ணீர் விடக் கூடாது. விட்டால் அது கொதித்து, பல மடங்கு ஆவியாகி மேலே எழும்பும். தரையில் எது கொட்டினாலும் தண்ணீர் ஊற்றிக் கழுவுவது மனிதக் கைக்குப் பிறவியிலேயே வந்த பழக்கம். அதனால்தான் அந்த வரிசை.

அரைவரி ஆறையும் அடக்கிவிட்டார். "தேங்கிய திரவ அம்மோனியா மேல் தண்ணீர் விடாதீர்கள்." பதினெட்டுப் புள்ளி. அடியில் அரை வரி காலி. அன்று அவர் சீட்டியடித்துக்கொண்டே படியிறங்கினார் என்று டயர் கடைக்காரர் பின்னால் சொன்னார்.

பிறகு மொழிபெயர்ப்பு, கிடங்கின் நிர்வாகத் துறை அதிகாரியிடம் ஒப்புதலுக்குப் போனது. அவர் நிறுவனத்தின் உள்ளிதழில் மாதம் ஒரு கவிதை எழுதுகிறவர். அலுவலகத்தில் அவருக்குக் கவிஞர் என்று பெயர். கவிஞர் ஸ்லைடைப் பார்க்கவில்லை. ஸ்லைடைப் பார்ப்பது ஒப்புதல் முறையில் இல்லை. இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் தமிழ் என்று வெறும் பட்டியலாக ஒரு கோப்பு போகும். அதில் பெட்டி கிடையாது, சுவர் கிடையாது, கடைசி நாற்காலி கிடையாது. தாள் அகலமாக, வெள்ளையாக, ஆசைகாட்டிக்கொண்டு இருக்கும். மூன்று நாளில் திரும்பி வந்தது. ஆறாவது வரிசை இப்படி ஆகியிருந்தது:

"தரைப்பரப்பின்கண் தேங்கி நிற்கும் திரவ நிலையிலான அம்மோனியாவின் மீது எக்காரணம் கொண்டும் தண்ணீரைப் பீய்ச்சுதலோ ஊற்றுதலோ மேற்கொள்ளப்படலாகாது என்பது அன்புடன் வலியுறுத்தப்படுகிறது."

மற்ற ஐந்துக்கும் அதே அன்பு.

அரைவரி அதை அட்டவணைக்குள் இட்டார். அட்டவணைக்குத் தானாகச் சுருங்கத் தெரியாது. அது வளரும். ஒரு வரிசையில் எழுத்து கூடினால் அந்த வரிசை தடிக்கும், கீழே இருப்பதைத் தள்ளும், அது அதற்குக் கீழே இருப்பதைத் தள்ளும். ஐந்து வரிசையும் சேர்ந்து ஆறாவதை ஸ்லைடின் அடி விளிம்புக்கு வெளியே தள்ளிவிட்டன. கட்டங்களின் உள்விளிம்பைக் குறைத்தார். எண்கள் இருந்த முதல் பத்தியை ஒல்லியாக்கினார். வரி இடைவெளியைத் தொண்ணூறு சதத்துக்கு இறக்கினார். அதற்குக் கீழே இறக்கினால் மேல்வரியின் வால் கீழ்வரியின் கொக்கியில் போய் மாட்டிக்கொள்ளும். இத்தனைக்கும் பிறகு, ஆறாவது வரிசையின் முதல் வரி மட்டும் பாதி உயரத்துக்கு உள்ளே எட்டிப்பார்த்தது. கொக்கிகள் தெரிந்தன. எழுத்துகள் தெரியவில்லை. அதுவும் ஓர் அரை வரிதான். ஆனால் அவர் விட்டது அல்ல.

முதலாளியம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினார். அவர் திரையைப் பார்த்தார்.

"ஆறும் இருக்கே அண்ணா?"

இருந்தது. திருத்தும் திரையில் ஸ்லைடுக்கு வெளியே சாம்பல் நிறமாக ஓர் இடம் உண்டு. அங்கே ஆறாவது வரிசை அழகாக, முழுசாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வாசிக்கவும் முடிந்தது. அரைவரி முழுத்திரையில் ஓடவிட்டுக் காட்டினார். ஆறாவது மறைந்தது. நிறுத்தினார். வந்தது.

"அப்ப இருக்கு," என்றார் முதலாளியம்மா. "ஒப்புதல் வாங்கின எழுத்துல கை வைக்க முடியாது. கையெழுத்து போட்டிருக்காங்க. வேணும்னா கீழ குறிப்புப் பகுதில போட்டுடுங்க. பேசுறவர் பாத்துப் படிப்பார்."

"பேசுறவர் குறிப்ப என்னைக்கு மேடம் படிச்சிருக்காரு?"

"அது அவர் பிரச்சனை."

அரைவரி தன் மேசைக்குத் திரும்பினார். போன் அங்கேயே இருந்தது. கவிஞரைக் கூப்பிட்டார்.

"சார், அட்டவணை அடங்கல."

"பெட்டியப் பெரிசாக்குங்க."

"பெட்டியத் தொடக் கூடாதுன்னு உங்க தலைமை அலுவலகம் எழுதியிருக்கு."

"அப்ப எழுத்தச் சின்னதாக்குங்க."

"பதினெட்டுக்குக் கீழ போகக் கூடாதுன்னு நீங்க எழுதியிருக்கீங்க."

"நானா? எழுதியிருப்பேன். அது நல்லதுக்குத்தான். அப்ப நீங்க எதுக்கு இருக்கீங்க?"

"வார்த்தையக் கொறைக்கத்தான் சார். நீங்கதான் கூட்டிட்டீங்க."

"நீங்க எழுதினது தந்தி மாதிரி இருந்ததுங்க. தமிழா அது? ஒரு நளினம் வேணாமா?"

"ஓடறவன் படிக்கறது சார். நளினம் பாத்துட்டு நிக்க மாட்டான். சரி, அட்டவணைய ரெண்டு ஸ்லைடா பிரிச்சுடறேன். மூணு வரிசை இங்க, மூணு அங்க. ஒரு எழுத்துகூட வெட்ட வேண்டாம்."

"அம்பத்தஞ்சு ஆயிடுமே!" கவிஞருக்கு நிஜமாகவே பதறியது. "அம்பத்திநாலுன்னு எல்லா நாட்டுக்கும் போயிருக்கு. குரல்பதிவு ஸ்லைடு நம்பர வச்சு ஓடுது. பரீட்சைத் தாள்ல நம்பர் இருக்கு. சான்றிதழ்ல இருக்கு. ஒண்ணு கூடினா மொத்தமும் நகந்துடும். அம்பத்திநாலு அம்பத்திநாலுதான்."

போனை வைத்த பிறகு அரைவரி குரல்பதிவைத் தேடிப்பார்த்தார். அது ஸ்லைடு எண்ணை வைத்து ஓடவில்லை; ஒவ்வொரு ஸ்லைடுக்குள்ளும் தனித்தனியே பொதிந்து வைக்கப்பட்டிருந்தது. எத்தனை ஸ்லைடு கூடினாலும் அது நகராது. மேலும் அது ஆங்கிலக் கோப்பில் இருந்தது. தமிழ்க் கோப்பில் குரல்பதிவே இல்லை. இல்லாத குரல் நகர்ந்துவிடும் என்று பயந்து ஆறாவது வரிசையை வெளியே தள்ளியிருந்தார்கள்.

அன்று வீட்டில் அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தார்.

"என்னங்க, இன்னைக்கு எத்தனை வரி?"

"ஒரு வரிசையே போச்சும்மா."

"பயிற்சிக்கு நீங்கதானே போறீங்க ஃபான்ட் போட?"

"போறேன். வாயத் திறந்தா மறுநாள் வர வேண்டாம்னு மேடம் சொல்லிட்டாங்க. சிரிச்சுக்கிட்டேதான் சொன்னாங்க. ஆனா சொல்லிட்டாங்க."

மனைவி தட்டை எடுத்துக்கொண்டு போனார். அடுக்களையிலிருந்து குரல் மட்டும் வந்தது. "மருந்து டப்பால 'வெளிப்பூச்சுக்கு மட்டும்'னு ஒரு வரி இருக்கும். அந்த லேபிள் கிழிஞ்சு வந்தா நான் விக்க மாட்டேன். மொதலாளி திட்டுவாரு. திட்டட்டும்."



பயிற்சி நாளன்று ஒன்பது மணிக்கே கிடங்கின் கூட்ட அறைக்குப் போனார். அங்கிருந்த கணினியில் ஃபான்டை நிறுவினார். இது எல்லாப் பயிற்சிக்கும் அவர் செய்கிற வேலை. இல்லாவிட்டால் அந்தக் கணினி தன்னிடமுள்ள ஏதோ ஒரு கொழுத்த தமிழ் எழுத்தைப் போட்டு, ஐம்பத்துநான்கு ஸ்லைடையும் நாசமாக்கிவிடும். பிறகு வழக்கம்போல் கடைசி வரிசையில், கதவருகே, உட்கார்ந்தார். எழுத்து தெரிகிறதா என்று அங்கிருந்து பார்ப்பது அவருக்கு வழக்கம். நாற்பது பேர் வந்து உட்கார்ந்தார்கள். கனத்த மேல்சட்டைகளைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்கள். அறையே மீன் வாசமாயிற்று. கவிஞர் வாசலில் நின்று இரண்டு நிமிடம் வரவேற்றுவிட்டு, வேறு கூட்டம் இருப்பதாகப் போய்விட்டார்.

பயிற்சி அதிகாரி நல்ல மனிதர். சுவரில் இருப்பதைச் சுவரில் இருக்கிறபடியே வாசிப்பார். ஒன்று கூட்டமாட்டார், ஒன்று குறைக்கமாட்டார். குறிப்புப் பகுதியை அவர் பார்க்கவில்லை. பார்க்கவும் வழியில்லை, அவர் மேசைத் திரையிலும் சுவரிலும் ஒரே படம்தான் ஓடியது.

முப்பத்தேழு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதை "அன்புடன் வலியுறுத்தப்படுகிறது" என்று முடித்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. தண்ணீர் குடித்தார். சுவரின் அடி விளிம்பில் சில கொக்கிகள் தொங்கிக்கொண்டிருந்தன. அடுத்த ஸ்லைடுக்குப் பொத்தானை அமுக்கினார்.

அரைவரி எழுந்து நின்றார். நிற்கத் தீர்மானித்தாரா என்பது அவருக்கே தெரியவில்லை. கால்கள் நின்றுவிட்டன.

"சார், இன்னொண்ணு இருக்கு."

"யாருங்க நீங்க?"

தான் யார் என்பதற்கு அவரிடம் நீளமான பதில்கள் இருந்தன. எதுவும் அந்த நேரத்தில் அடங்கவில்லை.

"ஆறாவது வரிசைங்க."

நாற்பது பேரும் திரும்பினார்கள். ஒருவர் சிரித்தார். அறையில் நாற்காலி ஐந்து வரிசைதான் இருந்தது என்பது அப்போதுதான் எல்லோருக்கும் தெரிந்தது.

"அட்டவணைல ஆறாவது," என்றார் அரைவரி. "கீழ தேங்கின அம்மோனியா மேல தண்ணி விடக் கூடாது. அது சுவத்துல தெரியல. ஆனா இருக்கு."

"எங்க இருக்கு?"

அவர் முன்னால் போனார். காட்சியை நிறுத்தி, திருத்தும் திரைக்கு வந்து, முப்பத்தேழுக்குப் போய், ஸ்லைடைச் சிறிதாக்கினார். சுவரில் ஸ்லைடும், அதற்குக் கீழே சாம்பல் நிற இடமும், அந்த இடத்தில் ஆறாவது வரிசையும் தெரிந்தன.

"அட, புட்போர்டுல தொங்குது சார்!" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல்.

அறை சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் இரண்டாம் வரிசையில் இருந்த ஒரு பெரிய மனிதர் கையைத் தூக்கினார். கம்ப்ரஸர் ஆபரேட்டர். முன்கைகளில் பழைய தழும்புகள்.

"தண்ணி விடக் கூடாதா?" என்றார். "போன வருஷம் பம்பு கிட்ட தேங்கினப்ப நான்தானே பைப்பப் புடிச்சேன். நீங்கதானே சார் புடிக்கச் சொன்னீங்க?"

பயிற்சி அதிகாரி தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தார்.

"புகை ஆளுயரத்துக்கு எழும்பிச்சு. பக்கத்துல நின்னவன் நாலு நாள் ஆஸ்பத்திரில கெடந்தான். கம்ப்ரஸர் பழசுன்னு ரிப்போர்ட்ல எழுதினாங்க. கம்ப்ரஸருக்கு வாயில்ல, எழுதிட்டாங்க."



"இனிமே அப்பிடித் தேங்கினா என்ன பண்றது?" என்று வேறொருவர் கேட்டார். பயிற்சி அதிகாரி அரைவரியைப் பார்த்தார். அரைவரிக்கு அம்மோனியா பற்றி ஐம்பத்துநான்கு ஸ்லைடு அளவுக்குத்தான் தெரியும். அது அந்த அறையில் மற்ற எல்லோரையும்விட அதிகம் என்பதை அவர் அப்போதுதான் உணர்ந்தார்.

"அது முப்பத்தெட்டுல இருக்கு சார்," என்றார். "காத்து வர்ற தெசைக்குக் குறுக்க வெளிய போகணும். அப்புறம் காத்து வர்ற பக்கமா. பைப்பப் புடிக்கறது கவச உடுப்பு போட்ட குழுவோட வேலை. உங்க வேலை வெளிய போறது."

"இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே," என்றார் ஆபரேட்டர், யாரையும் பார்க்காமல்.

பயிற்சி அதிகாரி ஒரு காரியம் செய்தார். கூட்டத்தை நிறுத்திவைத்து, "இதப் பிரிச்சுக் குடுங்க. நான் பேசிக்கறேன்," என்றார். அரைவரி நாற்பது பேர் பார்க்க அதே மேசையில் வேலை செய்தார். ஸ்லைடை நகலெடுத்தார். ஒன்றில் மேல் மூன்று வரிசை, மற்றதில் கீழ் மூன்று. இரண்டிலும் தலைப்பு. ஓர் எழுத்தைக்கூட வெட்டவில்லை. கவிஞரின் அன்பு முழுவதும் பத்திரமாக இருந்தது. ஸ்லைடு எண் தானாக ஓடுவதை எடுத்துவிட்டு, புதியதில் "37அ" என்று கையால் இட்டார். பிறகு முப்பத்தெட்டு முதல் ஐம்பத்துநான்கு வரை பதினேழு ஸ்லைடிலும் பழைய எண்ணையே கையால் இட்டார். பரீட்சைத் தாள் நகரவில்லை. சான்றிதழ் நகரவில்லை. தலைமை அலுவலகம் அமைந்திருந்த கண்டமும் இருந்த இடத்திலேயே இருந்தது. மொத்தம் பதினொரு நிமிடம். இரண்டு ஸ்லைடிலும் அடியில் இடம் தாராளமாக மிச்சமிருந்தது.

மறுநாள் முதலாளியம்மா, முன்பு சிரித்துக்கொண்டே சொன்னதைச் சிரிக்காமல் சொன்னார். கவிஞர் மூன்று பக்க மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். அதில் "மேற்கொள்ளப்படலாகாது" நான்கு முறை வந்தது. அரைவரி ஸ்கேல்களை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார். பதினெட்டு நாள் வீட்டில் இருந்தார். மின்பெட்டி சுவிட்சுகளுக்கெல்லாம் பெயர் எழுதி ஒட்டினார். மனைவியின் துணித் தட்டுக்கும் ஒட்டினார்.

பத்தொன்பதாவது நாள் பொறுப்பாளர் போன் செய்தார். அதே நிறுவனத்தின் வேறு இரண்டு கிடங்குகள் தமிழ் ஸ்லைடு கேட்டிருந்தன. மின்னஞ்சலில் ஒரே வரி: முப்பத்தேழு-அ உள்ள பதிப்பு வேண்டும். அலுவலகத்தில் இருந்த கோப்பில் அது இல்லை.

"அண்ணே, அந்த ஃபைல் உங்ககிட்ட இருக்கா?"

"இருக்கு."

"மேடம் வரச் சொன்னாங்க. ஃபைல மட்டும்னு சொல்லல. உங்களையும்தான்."

போனார். முதலாளியம்மா அதைப்பற்றி ஒன்றும் பேசவில்லை. போனை மட்டும் அவர் மேசையிலிருந்து எடுத்துவிட்டிருந்தார். அந்தக் கிடங்கில் அதன் பிறகு அம்மோனியா கசியவேயில்லை. எனவே அரைவரி செய்தது தேவைதான் என்பது இன்றுவரை நிரூபணமாகவில்லை என்று பொறுப்பாளர் சொல்வதுண்டு.

பதினான்கு மாதம் கழித்து, வேலை முடிந்து படியிறங்கும்போது அரைவரி டயர் கடை வாசலில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. இதயம். டயர் கடைக்காரர்தான் வண்டி பிடித்தார். மகள் வருவதற்குள் முடிந்துவிட்டது.

இரங்கல் அறிவிப்புக்குப் பத்திரிகை அலுவலகத்துக்கு மகளும் சித்தப்பாவும் போனார்கள். எட்டு சென்டிமீட்டருக்கு ஐந்து சென்டிமீட்டர் பெட்டி. படம் போக ஒன்பது வரி. சித்தப்பா எழுதிக் கொண்டுவந்ததில் "எங்கள் குடும்பத்தின் குலவிளக்கும்" இருந்தது, "எங்களை மீளாத் துயரில் ஆழ்த்திவிட்டு" இருந்தது, பேரன் பேத்தி முறையில் வருகிற பதினோரு பேர் இருந்தார்கள். கடைசி வரியில் இறுதிச்சடங்கின் இடமும் நேரமும். விளம்பரப் பிரிவுப் பெண் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"ரெண்டரை வரி கூடுது மேடம். எழுத்தக் கொஞ்சம் சின்னதாக்கிடட்டுமா? எல்லாம் உள்ள வந்துடும்."

"வேண்டாம்," என்றாள் மகள்.

தாளை வாங்கிக்கொண்டாள். குலவிளக்கை அடித்தாள். பதினோரு பேரை "குடும்பத்தினர்" ஆக்கினாள். மீளாத் துயரையும் அடித்தபோது சித்தப்பா அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"துயரம்னு ஒரு வார்த்தைகூட இல்லாம எப்படிம்மா?"

"சேதி அதுதானே சித்தப்பா. தலைப்புலயே இருக்கு. திரும்பச் சொல்ல வேண்டாம்."

அவர் கையை எடுத்துவிட்டார்.

பெண் மறுபடி தட்டினாள். திரையைத் திருப்பிக் காட்டினாள். இடமும் நேரமும் உள்ள வரி, கொக்கியும் வாலுமாக, முழுசாகப் பெட்டிக்குள் இருந்தது. அதற்குக் கீழே அரை வரி வெள்ளை.

"கீழ கொஞ்சம் எடம் காலியா இருக்கே மேடம். ஏதாவது பூப்படம் போடலாமா? சும்மாதானே கெடக்கு."

"இருக்கட்டும்," என்றாள் மகள்.